தேடல் பெட்டியில் தட்டும் சதவீதக் குறி

தரவுத்தளத்தில் ஒரு சொல்லின் பகுதியை மட்டும் கொடுத்துத் தேட, எஸ்கியூஎல் மொழியில் `LIKE` என்ற சொல் இருக்கிறது. சாதாரண சமக்குறி, இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். `LIKE` அப்படியல்ல, தன்னிடம் தரப்படும் மாதிரியில் இரண்டு குறிகளுக்குத் தனிப்பொருள் கொள்ளும். சதவீதக் குறி (`%`) வந்தால், அந்த இடத்தில் எத்தனை எழுத்துகள் இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி. அடிக்கோடு (`_`) வந்தால், அங்கே ஏதாவது ஓர் எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். இப்படி எதற்கும் பொருந்தும் குறிகளை வைல்டுகார்டு என்பார்கள். `மஞ்சள்%` என்றால் மஞ்சள் என்று தொடங்கும் எல்லாம் வரும். `%மஞ்சள்%` என்றால் மஞ்சள் எங்கே இருந்தாலும் வரும்.

இணையக் கடைகள், நூலகப் பட்டியல்கள், அலுவலக மென்பொருள்கள் என்று பல இடங்களில் தேடல் பெட்டி இந்த இரண்டாவது வடிவத்தில்தான் இயங்குகிறது. பயனர் தட்டியதை நிரல் எடுத்து, முன்னும் பின்னும் ஒரு `%` ஒட்டி, `LIKE`-இடம் கொடுத்துவிடுகிறது. நிரலர் ஒட்டிய `%` எது, பயனர் தட்டிய `%` எது என்று `LIKE`-க்குத் தெரியாது. அதற்கு இரண்டும் வைல்டுகார்டுதான்.

ஒரு பல்பொருள் கடையின் சரக்குப் பட்டியலில் நான்கு பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம்: ‘100% பருத்தி வேட்டி’, ‘100 கவுண்ட் பருத்தி சேலை’, ‘நல்லெண்ணெய் 1000 மி.லி.’, ‘பல்பு 100 வாட்’. வாடிக்கையாளர் ‘100%’ என்று தேடுகிறார். அவர் கேட்பது வேட்டி ஒன்றைத்தான். ஆனால் நிரல் உருவாக்கும் மாதிரி `%100%%`. கடைசியில் இருக்கும் இரண்டு `%` குறிகளும் சேர்ந்து ஒரு `%` செய்யும் வேலையையே செய்யும். ஆக, 100 என்ற எண் எங்காவது வரும் எல்லாப் பொருளும், எண்ணெய்யும் பல்பும் உட்பட, திரையில் வந்து நிற்கும். சரி, இன்னும் குறிப்பாகத் தேடலாம் என்று ‘100% பருத்தி’ என்று தட்டினாலும் சேலை போகாது. 100-க்கும் பருத்திக்கும் நடுவில் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அந்த மாதிரியின் பொருள். ‘கவுண்ட்’ அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

அடிக்கோடு செய்யும் குழப்பம் இன்னும் நுட்பமானது. சதவீதக் குறியை மக்கள் எப்போதாவதுதான் தேடுவார்கள். அடிக்கோடோ பொருள் குறியீடுகளிலும் கோப்புப் பெயர்களிலும் பயனர் பெயர்களிலும் நிறையவே வரும். `SR_10` என்ற குறியீட்டைத் தேடினால் `SR-10`, `SRA10`, ‘SR 10’ எல்லாம் கூடவே வரும். `SR10` மட்டும் வராது, ஏனென்றால் அடிக்கோட்டின் இடத்தில் ஓர் எழுத்தாவது இருந்தாக வேண்டும். தமிழில் இந்த ‘ஓர் எழுத்து’ என்பது நாம் எண்ணும் எழுத்தல்ல. யூனிகோடில் ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் மூன்றெழுத்து. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றின் வழக்கமான அமைப்பில் அதற்கு ஐந்து அடிக்கோடுகள் வேண்டும்.

இந்தப் பிழை பல ஆண்டுகள் கண்ணில் படாமலே கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதில் சரியான விடை பெரும்பாலும் காணாமல் போவதில்லை. வேண்டாதவை அதனுடன் சேர்ந்து வருகின்றன. வேட்டி பட்டியலில் இருக்கும்வரை வாடிக்கையாளர் புகார் செய்ய மாட்டார். தேடல் கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு காரணம், நிரலர்களிடம் இருக்கும் ஒரு தவறான நிம்மதி. பயனர் தரும் உரையை எஸ்கியூஎல் கட்டளைக்குள் நேரே ஒட்டினால், அந்த உரையே கட்டளையாக மாறிவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க, கட்டளையில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்துவிட்டு, உரையைத் தனியாக அனுப்புவது நல்ல வழக்கம். மேற்கோள் குறிகளால் வரும் ஆபத்து அதோடு தீர்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு காப்பது கட்டளைக்கும் தரவுக்கும் இடையிலான எல்லையை மட்டும். `LIKE`-க்குப் போகும் மாதிரி, தானே ஒரு குட்டி மொழி. உரை பத்திரமாகத் தரவாகவே போய்ச் சேர்ந்த பிறகுதான் `LIKE` அதைப் பிரித்துப் பொருள் கொள்கிறது. பிஎச்பி மொழியில் பலரும் நம்பும் `mysqli_real_escape_string` கூட `%`, `_` இரண்டையும் தொடுவதில்லை. அதன் வேலை அதுவல்ல.

விடை கூடுதலாக வருவதற்குப் பதில் காணாமலே போகும் ஒரு வகையும் உண்டு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும், மாதிரிக்குள் வரும் பின்சாய்கோடு (`\`) அடுத்த எழுத்தின் தனிப்பொருளை நீக்கும் குறி. பயனர் `D:\bills` என்று தேடினால், பின்சாய்கோடு அடுத்த எழுத்தைச் சாதாரண எழுத்தாக்கிவிட்டு மறைந்துவிடும், தேடப்படுவது `D:bills`. உண்மையான வரி பட்டியலில் இருந்தும் அகப்படாது. வெறும் `\` மட்டும் தட்டினால் விளைவு இன்னும் விசித்திரம். மாதிரி `%\%` ஆகிறது. நிரலர் ஒட்டிய கடைசி `%` சாதாரணச் சதவீதக் குறியாகிவிட, ‘தள்ளுபடி 10%’ போலச் சதவீதக் குறியில் முடியும் வரிகள் மட்டும் வரும்.

தேடல் பெட்டியில் இது எரிச்சல்தான். ஆனால் அதே `LIKE` அடையாளம் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது என்ற வசதிக்காகச் சில தரவுத்தளங்களில் பயனர் பெயரை `LIKE` கொண்டு ஒப்பிடும் பழக்கம் உண்டு. அங்கே `a_min` என்று தட்டினால் `admin` வரும். `%` என்று தட்டினால் யாராவது ஒருவர் வருவார். கடவுச்சொல் மீட்புக்கு அனுப்பும் ரகசியக் குறியீட்டை இப்படி ஒப்பிட்டால் கதவுக்குப் பூட்டே இல்லை என்று பொருள். முழுதாக ஒத்துப்போக வேண்டிய இடத்தில் `LIKE`-க்கு வேலையே இல்லை. அழிக்கும் கட்டளையிலும் அப்படித்தான்: `SR_10` சரக்கை நீக்கு என்றால் `SR-10`-ம் சேர்ந்து போய்விடும்.

வேகமும் பாதிக்கப்படும். `044%` போல முன்பகுதி தெரிந்த மாதிரிக்குத் தரவுத்தளம் தன் அட்டவணைச் சுட்டியைப் பயன்படுத்தி நேரே உரிய இடத்துக்குப் போக முடியும். பயனரே முன்னால் ஒரு `%` தட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டு, எல்லா வரிகளையும் படிக்க வேண்டியதாகும். `%a%b%a%b` என்று வேண்டுமென்றே நீட்டிக்கொண்டே போகும் மாதிரிகள் இன்னும் மோசம். இதற்காகவே எஸ்கியூலைட் ஒரு மாதிரியின் நீளத்துக்கு இயல்பாக 50,000 பைட் என்று வரம்பு வைத்திருக்கிறது.

தீர்வு எஸ்கியூஎல் தரத்திலேயே உள்ளது. `ESCAPE` என்ற சொல்லால் ஒரு குறியை அறிவித்துவிட்டால், அதன் பின்னால் வரும் `%`, `_` இரண்டும் சாதாரண எழுத்தாகிவிடும். குறி எதுவாகவும் இருக்கலாம். பின்சாய்கோட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். அது நல்ல தேர்வல்ல. நிரல்மொழியும், மைஎஸ்கியூஎல்லின் மேற்கோள் உரையும் அதற்குத் தங்கள் பங்குக்குப் பொருள் கொள்வதால், ஒன்றுக்கு நான்காக எழுத நேரும். ஆச்சரியக்குறி போதும். பைத்தானில்:

```python
def like_safe(s):
    for ch in ("!", "%", "_"):
        s = s.replace(ch, "!" + ch)
    return s

sql = "SELECT name FROM items WHERE name LIKE ? ESCAPE '!'"
cur.execute(sql, ("%" + like_safe(text) + "%",))
```

இதில் வரிசை முக்கியம். முதலில் ஆச்சரியக்குறியையே இரட்டிப்பாக்க வேண்டும், பிறகுதான் மற்றவை. மாற்றிச் செய்தால் பயனரின் `%` முதலில் `!%` ஆகி, அடுத்த சுற்றில் `!!%` ஆகிவிடும். அதன் பொருள் ஓர் ஆச்சரியக்குறியும் அதையடுத்து ஒரு வைல்டுகார்டும். எதைத் தடுக்க வந்தோமோ அதுவே திரும்ப வந்துவிட்டது. சரியாகச் செய்தால் கடை உதாரணத்தில் மாதிரி `%100!%%` ஆகும். நடுவிலுள்ளது வாடிக்கையாளரின் சதவீதக் குறி, ஓரங்களில் உள்ளவை நிரலுடையவை. வேட்டி மட்டும் வரும். நிரலின் `%` குறிகளை, உரையைச் சுத்தம் செய்த பிறகே ஒட்ட வேண்டும் என்பதையும் இதில் கவனிக்கலாம்.

தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் சில்லறை வேறுபாடுகள் உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் சதுர அடைப்பும் (`[`) தனிப்பொருள் உடையது. `[abc]` என்றால் மூன்றில் ஏதாவது ஓர் எழுத்து. அங்கே அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்காக எல்லா இடத்திலும் சேர்த்து வைப்போம் என்று நினைத்தால், ஆரக்கிள் ஏற்காது. அங்கே அறிவித்த குறியின் பின்னால் `%`, `_`, அந்தக் குறி ஆகிய மூன்றைத் தவிர வேறு எது வந்தாலும் பிழை என்று நின்றுவிடும்.

சட்டகங்கள் சில இந்த வேலையைத் தாமே செய்கின்றன. ஜாங்கோவின் `contains` தேடல் கேட்காமலே செய்துவிடும். ரெயில்ஸில் `sanitize_sql_like`, வேர்ட்பிரஸில் `esc_like` என்று செயற்கூறுகள் உண்டு. அவற்றை நிரலரே அழைக்க வேண்டும். உரை உள்ளே இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் `LIKE` இல்லாமலே முடித்துக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூலைட் மூன்றிலும் `INSTR`, போஸ்ட்கிரெஸில் `strpos`, எஸ்கியூஎல் சர்வரில் `CHARINDEX` இதைச் செய்யும். எந்தக் குறிக்கும் தனிப்பொருள் கிடையாது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: எஸ்கியூலைட்டில் `LIKE` ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்தை ஒன்றாகப் பார்க்கும், `INSTR` பார்க்காது.

ஒரு மென்பொருளில் இந்தப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியில் `_` ஒன்றை மட்டும் தட்டினால் போதும். பட்டியல் முழுவதும் வந்தால் பிழை இருக்கிறது; அடிக்கோடு உள்ள வரிகள் மட்டும் வந்தால் இல்லை. `%`, `\` இரண்டையும் அதேபோல் ஒருமுறை பார்த்துவிடலாம்.

தேடல் பெட்டியே இல்லாத இடத்திலும் அடிக்கோடு இப்படிக் காலை வாரும். மைஎஸ்கியூஎல்லில் ஒருவருக்கு உரிமை வழங்கும் `GRANT` கட்டளையில் தரவுத்தளப் பெயரும் மாதிரியாகவே படிக்கப்படுகிறது. `shop_1` என்ற தரவுத்தளத்துக்கு மட்டும் என்று நினைத்துக் கொடுத்த உரிமை `shopa1`, `shopx1` ஆகியவற்றுக்கும் செல்லும். பல வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்கள் ஒரே சர்வரில் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில், அந்தப் பெயரை `shop\_1` என்று எழுத வேண்டும். 8.2 பதிப்பிலிருந்து இந்த வசதி கைவிடப்பட வேண்டியது என்று மைஎஸ்கியூஎல் அறிவித்திருக்கிறது. பழைய சர்வர்களில் ஏற்கெனவே வழங்கிய உரிமைகளை `SHOW GRANTS` கொடுத்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.