குறுவை வயலில் பாஸ்பரஸ்-32

தஞ்சை வட்டாரத்தில் குறுவைக்கு அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட் போடுகிறோம். பயிருக்குள் போன மணிச்சத்து உரத்திலிருந்து வந்ததா, மண்ணில் முன்பே இருந்ததா? வேதிச் சோதனையில் இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய, உரத்தில் சிறிதளவு பாஸ்பரஸ்-32 கலப்பார்கள். 1960களில் சர்வதேச அணுசக்தி முகமை பல நெல் நாடுகளில் இப்படித்தான் சோதித்தது.

பாஸ்பரஸ்-32-இன் அணுக்கரு பீட்டா துகளை உமிழ்ந்து கந்தகம்-32 ஆகிறது. எந்த அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் இருந்தால், 14.3 நாளில் பாதி போய்விடும். அடுத்த 14.3 நாளில் மிச்சத்தில் பாதி. வெயிலோ உரமோ தண்ணீரோ இந்த வேகத்தை மாற்றாது.

உரமிட்ட 43-ஆம் நாள் அறுத்த ஒரு மாதிரியைக் கருவியில் வைத்ததாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 530 எண்ணிக்கை. மாதிரியே இல்லாதபோதும் 30 வரும். அதைக் கழித்தால் 500. கடந்தது மூன்று அரை ஆயுள், ஆகவே 2×2×2 = 8 மடங்கு: உரமிட்ட நாள் கணக்கில் 4000.

இந்தத் திருத்தத்தை மறந்தால், பயிர் உரத்தை மிகக் குறைவாகவே எடுத்தது என்று எழுதிவிடுவோம். அதனால் அனுபவசாலிகள் அதே உரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து, பயிர் மாதிரியோடு அதே நாளில் எண்ணுவார்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதால் விகிதம் மாறாது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

உரமிட்டு 110 நாள் கழிந்து அறுவடை செய்தால் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கே மிஞ்சும். பின்னணி எண்ணிக்கையிலிருந்து அதைப் பிரிப்பது கடினம். எனவே பூக்கும் முன்பே மாதிரி எடுத்துவிடுவது நல்லது.