சாக்குக்கு இடமில்லாத மன்னிப்பு

ஜப்பானிய வாடிக்கையாளருக்குச் சரக்கு மூன்று நாள் தாமதமானால், கடிதத்தில் ‘சுமிமாசென்’ போதாது. அது வழியில் இடித்துக்கொண்டவரிடமும் சொல்வது. இங்கே வேண்டியது ‘மோஷிவாகே அரிமாசென்’. ‘சொல்லச் சாக்கு இல்லை’ என்பது அதன் நேர்ப்பொருள். இன்னும் பணிவு வேண்டுமெனில் ‘மோஷிவாகே கோசாய்மாசென்’.

இப்படி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மழை, லாரி கிடைக்கவில்லை என்று அடுக்கினால் முதல் வரி பொய்யாகிவிடும். காரணத்தை மறைக்க வேண்டாம்; மன்னிப்புக்குப் பிறகு, தற்காப்புத் தொனியின்றிச் சொல்லலாம்: “அனுப்பும் தேதியைத் தவறாகப் பதிந்தோம். சரக்கு 12ஆம் தேதி வந்துசேரும். இனி இருவர் சரிபார்ப்பார்கள்.” வழக்கமான பருவகால நலவிசாரிப்பு இக்கடிதத்தில் கிடையாது.

அலுவலகங்களில் சிறு தொந்தரவுகளுக்கும் இச்சொல் புழங்குகிறது. ஆகவே பெரிய தவறில் வாடிக்கையாளர் முக்கியமாகத் தேடுவது, அது மீண்டும் நேராதிருக்கச் செய்த ஏற்பாட்டை.