ஒரு சுற்றைத் தொகையிட்டால் போதும்

மின்னழுத்தம் +1 வோல்ட்டில் சிறிது நேரம் நிற்கிறது. சட்டென்று −1 வோல்ட்டுக்கு இறங்கி, அதே அளவு நேரம் நிற்கிறது. பிறகு மறுபடியும் +1. வரைந்து பார்த்தால் கோட்டைச் சுவரின் பல்வரிசை மாதிரி இருக்கும் இதைச் சதுர அலை என்பார்கள். இதற்கு லாப்லாஸ் உருமாற்றம் காணச் சொன்னால் முதலில் மலைப்புத்தான் வரும். அலையை e^(−st) ஆல் பெருக்கி, 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டுமே! பல்வரிசைக்கோ முடிவே இல்லை.

ஆனால் எல்லாப் பல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. அலை T நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றின் தொகை I என்றால், இரண்டாம் சுற்றும் அதேதான். T நேரம் தள்ளி வருவதால் மட்டும் e^(−sT) மடங்காகச் சுருங்கும். மூன்றாவது, அதன் வர்க்க மடங்கு. s நேர் எண்ணாக இருக்கும்வரை இது பள்ளியில் படித்த பெருக்குத் தொடர். கூட்டினால்:

F(s) = I / (1 − e^(−sT))

முடிவிலியின் வேலை முழுவதையும் கீழே இருக்கும் அந்தச் சிறு கோவை பார்த்துக்கொள்கிறது. நமக்கு மிச்சம் ஒரு சுற்றுதான்.

நம் அலை 0 முதல் a வரை +1, a முதல் 2a வரை −1. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: சுற்று a அல்ல, 2a. இரண்டு துண்டுகளையும் தனித்தனியே தொகையிட்டுச் சேர்த்தால்,

I = (1 − e^(−as))² / s

வகுக்க வேண்டிய 1 − e^(−2as) என்பது (1 − e^(−as))(1 + e^(−as)). பொதுக் காரணி அடிபட்டுப் போக,

F(s) = (1 − e^(−as)) / (s(1 + e^(−as))) = (1/s) tanh(as/2)

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். a = 1, s = 1 எனில் முதல் சுற்று மட்டும் தருவது 0.3996. இரண்டாவது 0.0541 சேர்க்கிறது, மூன்றாவது 0.0073. மூன்றும் சேர்ந்து 0.4610. சூத்திரம் சொல்வது tanh(0.5), அதாவது 0.4621. மூன்றே சுற்றில் விடையை ஏறக்குறைய எட்டிவிட்டோம்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. F(s)-ஐ s ஆல் பெருக்கி, s-ஐப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுபோனால் கிடைப்பது அலையின் சராசரி. நம் அலைக்கு அது 0. மேலும் கீழும் சமமாக நிற்பதால் சரிதான். −1க்குப் பதில் 0 வரும் அலைக்கு F(s) = 1 / (s(1 + e^(−as))); அதே சோதனை 1/2 தரும். இதை அலை கடைசியில் போய் நிற்கும் மதிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சதுர அலை எங்கும் போய் நிற்பதில்லை. இறுதி மதிப்புத் தேற்றம் இதற்குப் பொருந்தாது.