வரி எங்கே முடிகிறது? கவிதையைப் படத்திலிருந்து தட்டச்சு செய்யும்போது

மரபுக் கவிதையில் வரி குலைந்தாலும் எதுகை, சீர்க்கணக்கு வைத்துத் திரும்பக் கட்டிவிடலாம். புதுக்கவிதையில் அந்த வசதி இல்லை. கவிஞர் வரியை எங்கே முடித்தார் என்பதற்கு அச்சுப் பக்கம் மட்டுமே சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியை அப்படியே நம்பவும் முடியாது. பழைய சிற்றிதழ்களில் பக்க அகலம் குறைவு. வரி நீண்டுவிட்டால் அச்சுக்கோப்பவர் மீதியைக் கீழே இறக்கிவிடுவார். நாம் பார்க்கும் வரி கவிஞருடையதா, அச்சகத்துடையதா?

நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. கீழ் வரியின் முதல் சொல், மேல் வரியில் மிச்சமிருக்கும் இடத்தில் அடங்குமா என்று பாருங்கள். உதாரணத்துக்கு நானே எழுதியது:

```
கிணற்றடியில் காய்ந்துகொண்டிருந்த
    வாளி
அதில் ஒரு வானம்
யாருமில்லை
```

முதல் வரி அச்சுப் பரப்பின் வலது ஓரத்தைத் தொடுகிறது என்று வையுங்கள். மூன்றாவது வரிக்குப் பிறகு நிறைய இடம் இருக்கு. 'யாருமில்லை' அங்கேயே அடங்கியிருக்கும். அடங்கியும் கீழே வந்திருக்கிறது என்றால் அது கவிஞர் முடித்த வரி. 'வாளி'க்கு மேலே இடமில்லை, உள்ளே தள்ளியும் இருக்கு. அநேகமாக அது மடங்கிய வரி, மேலே சேர்க்க வேண்டியது.

'வாளி' உள்ளே தள்ளாமல் ஓரத்திலேயே இருந்தால்தான் சிக்கல். அதே இதழில் வேறு நீண்ட வரிகளை எப்படி மடக்கியிருக்கிறார்கள் என்று தேடுவேன். அங்கெல்லாம் உள்ளே தள்ளியிருந்தால், இது கவிஞரின் வரிதான். தொகுப்பு நூலையும் பார்க்கலாம். ஆனால் கவிஞர் பின்னால் திருத்தியிருக்கக்கூடும். அதனால் நூலை வைத்து இதழின் பாடத்தை மாற்ற மாட்டேன், குறிப்பாக மட்டும் எழுதி வைப்பேன்.

பத்தி இடைவெளியில் வேறு ஏமாற்று. கைபேசியைச் சாய்த்து எடுத்த படத்தில் தூரத்து வரிகள் நெருங்கித் தெரியும். மேல் பகுதியில் வரிக்கு வரி 44 பிக்சல், கீழ்ப்பகுதியில் 36 என்று இருக்கலாம். கீழே 52 பிக்சல் இடைவெளி கண்ணுக்குச் சாதாரணமாகத்தான் படும். பக்கத்து வரிகளோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு கிட்ட வருகிறது. அச்சகம் முழு வரி விடாமல் அரை வரி விட்டிருக்கிறது. அது பத்தி இடைவெளிதான்.

பக்கம் மாறும் இடத்தில் இந்த அளவும் உதவாது. மற்ற பத்திகள் எல்லாம் நான்கு வரி என்றால் ஊகிக்கலாம். இல்லையென்றால் அங்கே `[பக்க முடிவு]` என்று போட்டு விட்டுவிடுவேன்.

கடைசியாக, வலைப்பதிவில் ஒட்டும்போது எச்டிஎம்எல் வரிகளை எல்லாம் ஒன்றாக்கிவிடும். வரிகளும் உள்தள்ளலும் தங்க இது போதும்:

```
<div style="white-space: pre-wrap">...</div>
```

பிறகு கைபேசியில் திறந்து பாருங்க. சின்னத் திரையும் வரியை மடக்கும், பழைய அச்சகம் மாதிரியே.