வெரியா, மச்சா? – பாஸ்ட் பார்ட்டிசிபிளுக்கு முன்னால் எது வரும்?

பழைய ஆங்கில இலக்கண நூல்களில் படித்த நம்மில் பலருக்கு ஒரு விதி மனப்பாடமாக இருக்கும். பிரசென்ட் பார்ட்டிசிபிளுக்கு முன் 'வெரி', பாஸ்ட் பார்ட்டிசிபிளுக்கு முன் 'மச்'. அதன்படி 'வெரி இன்ட்ரஸ்டிங்' சரி, 'மச் அப்ரிஷியேட்டட்' சரி. ஆனால் 'டயர்டு' என்பதும் பாஸ்ட் பார்ட்டிசிபிள்தானே? 'ஐ ஆம் மச் டயர்டு' என்று இன்று யாரும் எழுதுவதில்லை. ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியிலேயே இந்தச் சிக்கலைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். ஆகவே விதியைச் சற்றுத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சொல் பெயரடையாகிவிட்டதா, இன்னும் வினையாகவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெயரடை என்றால் 'வெரி'. வினை என்றால் 'மச்' அல்லது 'வெரி மச்'.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்கத் தமிழே கைகொடுக்கிறது. 'ரொம்ப', 'மிகவும்' இரண்டும் தமிழில் எங்கும் வரும் என்பதால்தான் பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'வெரி' போடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். டயர்டு என்றால் 'களைப்பாக இருக்கிறேன்'. வொரீடு என்றால் 'கவலையாக இருக்கிறேன்'. அப்ரிஷியேட்டட் என்றால் 'பாராட்டப்படுகிறது'. 'ஆக' வந்தால் நிலை, பெரும்பாலும் 'வெரி'. 'படு' வந்தால் செயல், பெரும்பாலும் 'மச்'.

நெரவியில் எங்கள் வகுப்பில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். அதில் வந்த நான்கு வாக்கியங்களைப் பார்ப்போம்.

'ஐ வாஸ் வெரி டயர்டு.' களைப்பாக இருந்தேன், சரி. ஐயம் இருந்தால் 'வாஸ்' என்பதை எடுத்துவிட்டு 'சீம்டு' என்று போட்டுப் பார்க்கலாம். 'ஹி சீம்டு டயர்டு' இயல்பாக நிற்கிறது. பெயரடைதான்.

'தி புரொசெஷன் வாஸ் வெரி அட்மயர்டு பை விசிட்டர்ஸ்.' பிச்சாண்டவர் ஊர்வலம் வெளியூர்க்காரர்களால் மிகவும் பாராட்டப்பட்டது. இங்கே செய்தவர் யார் என்பது 'பை' என்ற சொல்லோடு வந்திருக்கிறது. செய்வினையாக மாற்றினால் 'விசிட்டர்ஸ் வெரி மச் அட்மயர்டு தி புரொசெஷன்' என்று வரும். அங்கே வெறும் 'வெரி' நிற்காது. அதனால் இங்கும் 'மச் அட்மயர்டு' அல்லது 'வெரி மச் அட்மயர்டு' என்றே இருக்கவேண்டும்.

'ஐ வாஸ் வெரி சர்ப்ரைஸ்டு பை தி கிரவுட்.' இதிலும் 'பை' இருக்கிறது. ஆனால் இது சரியான வாக்கியம். சர்ப்ரைஸ்டு, பிளீஸ்டு, டிஸப்பாயின்டட், கன்ஃபியூஸ்டு போன்ற மனநிலைச் சொற்கள் பெயரடையாக நன்றாக ஊறிவிட்டவை. 'பை' தொடர்ந்தாலும் 'வெரி' ஏற்கும். எனவே 'பை' இருப்பதை மட்டும் பார்த்துச் சிவப்பு மை போடக்கூடாது. பழைய விதிப்படி ஒரு மாணவி 'மச் சர்ப்ரைஸ்டு' என்று எழுதினாலும் மதிப்பெண் குறைக்க மாட்டேன். அது சற்றே பழைய, சம்பிரதாயமான நடை, அவ்வளவுதான்.

'தி ரோடு இஸ் வெரி சேஞ்டு.' இதுதான் கடினமானது. 'சீம்ஸ் சேஞ்டு' என்று சொல்ல முடிகிறது. 'சீம்' சோதனையில் தேறிவிடுகிறது. இருந்தும் 'வெரி' ஒட்டவில்லை. காரணம், சேஞ்டு, இம்ப்ரூவ்டு, ரெட்யூஸ்டு போன்ற சொற்களுக்குள் ஓர் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது: முன்பு அப்படி, இப்போது இப்படி. 'பெட்டர்' என்ற ஒப்புச்சொல்லுக்கு முன் 'வெரி' வராமல் 'மச் பெட்டர்' என்று வருவதைப் போலவே, 'மச் சேஞ்டு', 'மச் இம்ப்ரூவ்டு' என்கிறோம். முன்னேற்ற அறிக்கையில் 'ஹேண்ட்ரைட்டிங் வெரி இம்ப்ரூவ்டு' என்று எழுதும் பழக்கம் நம் ஆசிரியர் அறைகளிலும் உண்டு!

இரண்டுமே ஒட்டாத சொற்களும் இருக்கின்றன. உடைந்த நாற்காலியை 'வெரி புரோக்கன்' என்பதில்லை, 'மச் புரோக்கன்' என்பதுமில்லை; 'பேட்லி புரோக்கன்' என்போம். 'ஹைலி குவாலிஃபைடு', 'வெல் நோன்' ஆகியவையும் இப்படித்தான். இவற்றை விதியாகச் சொல்லித்தர முடியாது, சேர்க்கையாகவே பழக்கவேண்டும்.

தமிழ்ச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. எஜுகேட்டட் என்பதற்குத் தமிழில் 'படித்தவர்' என்கிறோம். 'ஆக'வும் இல்லை, 'படு'வும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கற்போருக்கான ஆங்கில அகராதியைத் திறப்பதே வழி. 'டயர்டு' அதில் தனிப்பதிவாக, பெயரடை என்ற குறிப்போடு இருக்கும். 'அப்ரிஷியேட்டட்' என்று தேடினால் 'அப்ரிஷியேட்' என்ற வினைச்சொல்லிடம்தான் போய்ச் சேருவீர்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் இந்தத் தேடலைத் தாங்களாகவே செய்யலாம். தொடக்கநிலையில் 'வெரி டயர்டு', 'வெரி ஹேப்பி' போன்ற தொடர்களைச் சொல்லிப் பழக்கினால் போதும். 'மச்' என்ற பேச்சை அங்கே எடுக்காமல் இருப்பதே நல்லது.