வளைத்த கம்பி ஏன் இறுகுகிறது?

உலோகவியல் வைவாவில் முதல் கேள்வி பெரும்பாலும் எளிதாகவே வரும்: "டிஸ்லொகேஷன் என்றால் என்ன?" படிகத்துக்குள் அணுக்களின் அடுக்கு ஒரு கோட்டின் வழியே குலைந்திருப்பது என்று சொன்னால் போதும். ஆனால் 'கோடு' என்பதை விட்டுவிடக் கூடாது.

"இப்படி ஒன்று இருப்பதாக ஏன் நினைத்தார்கள்?" அணுக்களின் ஒரு தளம் முழுவதும் ஒரேயடியாக வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-இல் ஃபிரெங்கல் கணக்கிட்டார். அந்த வழியில் போனால் செம்புக்கு 1000 மெகாபாஸ்கலுக்கும் மேல் வேண்டும். மென்மையான தூய செம்புப் படிகமோ சுமார் 1 மெகாபாஸ்கலிலேயே வழுக்கிவிடுகிறது. 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியே இதற்கு விடை சொன்னார்கள். தளம் முழுவதும் நகர்வதில்லை. குலைந்த கோடு மட்டும் படிப்படியாக நகர்கிறது. பெரிய ஜமுக்காளத்தை இழுக்காமல், அதில் ஒரு மடிப்பை எழுப்பித் தள்ளிக்கொண்டே போவது போல.

அடுத்த கேள்வியில்தான் பலர் திணறுகிறார்கள். "குறை இருப்பதால் எளிதில் வளைகிறது என்கிறீர்கள். வளைக்க வளைக்கக் குறைகள் பெருகுகின்றன. அப்படியானால் கம்பி இன்னும் இளகத்தானே வேண்டும்?"

நல்ல செம்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் விரலாலேயே வளைக்கலாம். அதே இடத்தில் திரும்ப நிமிர்த்திப் பாருங்கள். வளைந்த இடம் அப்படியே நிற்கும், பக்கத்துப் பகுதி வளையும். டிஸ்லொகேஷன் இருப்பது மட்டும் போதாது, அது நகர வேண்டும். வளைக்கும்போது பெருகும் கோடுகள் வெவ்வேறு தளங்களில் குறுக்கிட்டுச் சிக்கி, ஒன்றையொன்று மறிக்கின்றன. வலிமை கூடுவது அதனால்தான்.

"எவ்வளவு கூடும்?" τ = αGb√ρ என்று எழுதுங்கள். செம்புக்கு α 0.3, G 48 கிகாபாஸ்கல், b 0.256 நானோமீட்டர் என்று கொள்ளலாம். காய்ச்சிய செம்பில் ஒரு சதுர மீட்டருக்கு 10¹¹ கோடுகள் என்றால் விடை சுமார் 1.2 மெகாபாஸ்கல். கடுமையாக வேலை செய்த செம்பில் 10¹⁵ என்றால் சுமார் 117. கோடுகள் பதினாயிரம் மடங்கு கூடியும் வலிமை நூறு மடங்குதான் கூடுகிறது. வர்க்கமூலத்தின் வேலை அது.

"யங் குணகமும் கூடுமா?" இது வேண்டுமென்றே வைக்கும் பொறி. குணகம் அணுப் பிணைப்பைப் பொறுத்தது. டிஸ்லொகேஷன் பெருகினாலும் அது ஏறக்குறைய மாறாது.

பித்தளையில் துத்தநாக அணுக்கள், அலுமினியக் கலவையில் நுண்வீழ்படிவுகள், சிறு மணிகளின் எல்லைகள் என மற்ற வலுவூட்டல்களைக் கேட்டாலும், அந்தத் தடை கோட்டை எப்படி மறிக்கிறது என்று சொல்லுங்கள். பெயர்களை ஒப்பிப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நன்றாகப் பதில் சொல்பவரிடம் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "டிஸ்லொகேஷனே இல்லாவிட்டால்?" 1952-இல் ஹெரிங், கால்ட் இருவரும் சில மைக்ரான் தடிமனுள்ள வெள்ளீய இழைகளை வளைத்துப் பார்த்தார்கள். சாதாரண வெள்ளீயம் தாங்காத வளைவுக்குப் பிறகும் அவை பழையபடி நிமிர்ந்தன. அவற்றின் வலிமை, ஃபிரெங்கல் வழிக் கணக்கு சொன்ன அளவை நெருங்கியிருந்தது.