வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போகிறீர்களா? முதலில் இந்த மாதத்தைக் கண்டுபிடியுங்கள்!

“மேடம், எங்க பேங்குக்கு மாத்தினா மாசம் 4,800 ரூபாய் மிச்சம்!”

வீட்டுக்கடன் வைத்திருக்கும் பலருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். மதுரையில் ஓர் ஆசிரியைக்கு இந்த அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மீதிக் கடன் 30 லட்சம், வட்டி 9.25%. இன்னும் 15 வருடங்கள் பாக்கி, மாதத் தவணை 30,876 ரூபாய். புது வங்கி 8.5% தருகிறேன் என்கிறது. தவணை 26,035 ரூபாய்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், புதுக் கடனின் காலம் 20 வருடங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி வட்டி குறைந்ததால் வந்ததல்ல, கடனை ஐந்து வருடம் இழுத்ததால் வந்தது. முழுக் காலமும் கட்டினால், பழைய கடனைவிட சுமார் 6.9 லட்சம் ரூபாய் கூடுதலாகப் போகும். அதனால் தவணை வித்தியாசத்தை மறந்துவிட்டு, வட்டி வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அதற்குக் கால்குலேட்டர் போதும். 30 லட்சத்துக்கு 0.75% என்றால் வருடத்துக்கு 22,500 ரூபாய். 12-ஆல் வகுத்தால் மாதம் 1,875 ரூபாய். இதுதான் நிஜமான மிச்சம்.

இனி செலவு. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க, பழைய வங்கி அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. செலவெல்லாம் புது இடத்தில்தான். பிராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டி-யோடு 12,390 ரூபாய். வக்கீல் பார்வைக்கும் வீட்டு மதிப்பீட்டுக்கும் 7,500 ரூபாய். பலர் மறந்துவிடுவது சார் பதிவாளர் அலுவலகச் செலவை. புது வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்து எம்.ஓ.டி பதிய, தமிழ்நாட்டில் கடன் தொகையில் அரை சதவிகிதம் முத்திரைத் தீர்வை. இங்கே அது 15,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய். பழைய எம்.ஓ.டி-யை ரத்து செய்யும் ரசீதைப் பதியவும், எழுத்தர் கூலிக்கும் 3,110 ரூபாய். (இந்த ரசீதைப் பதியாமல் விட்டால், பழைய கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வீட்டை விற்கும்போதுதான் தலைவலி தெரியும்.) ஆக மொத்தம் 44,000 ரூபாய்.

44,000-ஐ 1,875-ஆல் வகுத்தால் 23.5. அதாவது, 24-வது மாதத்தில்தான் போட்ட பணம் திரும்புகிறது. இதுதான் பிரேக்-ஈவன் மாதம். அதற்கு முன் வீட்டை விற்றாலோ, கடனை அடைத்தாலோ நஷ்டம். அசல் குறையக் குறைய மிச்சமும் கொஞ்சம் குறையும் என்பதால், நீண்ட கணக்குகளில் இது சில மாதங்கள் தள்ளிப்போகும்.

கணவரின் பி.பி.எஃப் ஐந்து வருடத்தில் முதிர்வடைகிறது. அதில் கடனை அடைப்பதுதான் குடும்பத்தின் திட்டம். 60 மாதங்களில் 24 போனால் 36 மாதங்கள் லாபம்தானே? அவசரப்பட வேண்டாம். இன்னொரு கதவைத் தட்டிப் பார்க்கவில்லை.

பழைய வங்கியிலேயே ‘வட்டியைக் குறையுங்கள்’ என்று கடிதம் கொடுத்தால், ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பதுண்டு. ஆசிரியைக்கு 5,900 ரூபாய் கட்டணத்தில் 8.75% தர ஒப்புக்கொள்கிறார்கள். மாத மிச்சம் 1,250 ரூபாய். ஐந்தாவது மாதமே கட்டணம் திரும்பிவிடும். பதிவு அலுவலகம் போக வேண்டாம், பத்திரம் இடம் மாறாது.

இப்போது புது வங்கியை 9.25 சதவிகிதத்தோடு ஒப்பிடுவது தப்பு, 8.75-உடன் ஒப்பிட வேண்டும். கூடுதல் செலவு 38,100 ரூபாய். அதற்குக் கிடைக்கும் கூடுதல் மிச்சம் கால் சதவிகிதம், மாதம் 625 ரூபாய். வகுத்தால் 61 மாதங்கள்! கடனையே 60-வது மாதம் அடைக்கப்போகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. 15 வருடமும் கட்டப்போகிறவர் என்றால், இதே கணக்கு மாறும்.

இரண்டுமே ரெப்போ வட்டியோடு இணைந்த கடன்கள் என்றால், ரிசர்வ் வங்கி ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். கால் சதவிகித இடைவெளி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால், ‘முதல் வருடத்துக்கு மட்டும்’ என்று தரும் சலுகை வட்டியை இந்தக் கணக்கில் போடக் கூடாது. அனுமதிக் கடிதத்தில் ரெப்போவுக்கு மேல் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ, அதுதான் கணக்கு.

“வேண்டாம் சார்” என்று ஆசிரியை சொன்னதும், மறுநாளே அந்த ஏஜென்ட் மீண்டும் அழைக்கிறார்.

“பிராசஸிங் ஃபீ முழுசா தள்ளுபடி, மேடம்!”

“அதை எழுத்துல அனுப்புங்க. 15 வருஷத்துக்கே போடுங்க, 20 வேண்டாம்.”

கூடுதல் செலவு 25,710 ஆகக் குறைகிறது. 625-ஆல் வகுத்தால் 42-வது மாதம். அறுபதாவது மாதத்தில் கையில் நிற்பது சுமார் 10,000 ரூபாய். அதற்காக இரண்டு வங்கிக்கும் சார் பதிவாளர் அலுவலகத்துக்கும் எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று கணவனும் மனைவியும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.